கிரியேட்டினும் முதுமையில் நினைவாற்றலும்: ஆய்வுகள் இதுவரை கூறுவது என்ன?

உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் தசை வலிமைக்காகப் பாலிலோ தண்ணீரிலோ கலந்து குடிக்கும் வெண்ணிறப் பொடி கிரியேட்டின். அண்மைக் காலமாக இப்பொடி முதியோரின் நினைவாற்றலைப் பாதுகாக்கும் என்ற செய்தி பரவி வருகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பிள்ளைகளே அதை வாங்கிக் கொடுப்பதும் உண்டு. இச்செய்திக்கு அடிப்படை எது, அந்த அடிப்படை எவ்வளவு உறுதியானது, இப்பொடியை உட்கொள்பவர் தமது இரத்தப் பரிசோதனையைப் பற்றி அறிந்திருக்க வேண்டியது எது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இது பொதுவான தகவலே. தனிப்பட்ட மருத்துவ ஆலோசனைக்கு இது மாற்றாகாது.

கிரியேட்டின் உடலில் செய்யும் பணி

கிரியேட்டின் உடலுக்குப் புதிய பொருள் அன்று. சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து, புரதத்தின் கூறுகளாகிய சில அமினோ அமிலங்களிலிருந்து அதை நாள்தோறும் உருவாக்குகின்றன. இறைச்சியிலும் மீனிலும் அது இயற்கையாகவே உள்ளது. மரக்கறி உணவில் அது அநேகமாக இல்லை. உடலிலுள்ள கிரியேட்டினில் ஏறத்தாழ 95 விழுக்காடு தசைகளில் தங்குகிறது. எஞ்சிய சிறு பகுதியில் மூளைக்கும் ஒரு பங்கு உண்டு.

உயிரணுக்கள் ஏடிபி என்னும் மூலக்கூறைச் செலவிட்டே வேலை செய்கின்றன. வேலை திடீரெனக் கூடும்போது ஏடிபி விரைவில் தீர்ந்துவிடும். அவ்வேளையில், பாஸ்பேட்டை ஏற்றுச் சேமித்து வைத்திருக்கும் கிரியேட்டின், அதை உடனே விட்டுக்கொடுத்து ஏடிபியை மீண்டும் உருவாக்குகிறது. மாதச் சம்பளம் வருவதற்கு முன் நேரும் அவசரச் செலவுக்குக் கைப்பணம் உதவுவதைப் போன்றது இது. வருமானத்தை அது கூட்டுவதில்லை; இடைவெளியை நிரப்புகிறது.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே ஆன மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. முதுமையிலும், குறிப்பாக அல்சைமர் நோயிலும், மூளை உயிரணுக்கள் ஆற்றலை உருவாக்கும் திறன் குறைகிறது. ஆகவே, கைப்பணத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் மூளை தடுமாறாமல் இயங்குமா என்பதே ஆய்வாளர்கள் எழுப்பும் கேள்வி. மூளைக்குக் கிரியேட்டின் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. பிறவியிலேயே அதை உருவாக்க இயலாத அரிய மரபணுக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியும் பேச்சும் பாதிக்கப்படுகின்றன. அவர்களுக்குக் கிரியேட்டினே சிகிச்சையாக அளிக்கப்படுகிறது. எனினும், பற்றாக்குறை உள்ளவருக்குக் கொடுப்பதால் கிடைக்கும் பயன், போதிய அளவு உள்ளவருக்கு மேலும் கொடுப்பதாலும் கிடைக்கும் என்று கொள்ள இயலாது.

மூளைக்குச் செல்லும் வழி குறுகியது

வாய்வழி உட்கொள்ளும் கிரியேட்டின் தசையை எளிதில் சென்றடைகிறது. மூளையின் நிலை வேறு. இரத்தத்திலுள்ள பொருள்கள் கட்டுப்பாடின்றி மூளைக்குள் புகாதவாறு இரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு தடுப்பு அமைந்துள்ளது. அதைக் கடக்கக் கிரியேட்டினுக்கென ஒரு தனிப்பட்ட கடத்திப் புரதம் தேவை. அக்கடத்திகள் அங்குக் குறைவு. மேலும், மூளை தனக்குத் தேவையான கிரியேட்டினில் ஒரு பகுதியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

இதனால்தான் அளவு முக்கியமாகிறது. 1999ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறு ஆய்வில் நலமான ஆறு தன்னார்வலர்கள் நாளொன்றுக்கு 20 கிராம் வீதம் நான்கு வாரங்கள் கிரியேட்டின் உட்கொண்டனர். மூளையிலுள்ள கிரியேட்டினின் அளவு சராசரியாக 9 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே உயர்ந்தது. விளையாட்டு வீரர்கள் வழக்கமாக உட்கொள்ளும் அளவு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம். அந்த 5 கிராமை உணவிலிருந்து பெற ஏறத்தாழ ஒரு கிலோ மாட்டிறைச்சி தேவைப்படும். 20 கிராம் என்பது உணவால் எட்டக்கூடிய அளவு அன்று.

நினைவாற்றல் குறித்த ஆய்வுகள்

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் தொடக்க ஆய்வு சிட்னியில் நடைபெற்றது. 2003ஆம் ஆண்டு வெளியானது. மரக்கறி உணவு உண்ணும் 45 இளம் வயதினர் ஆறு வாரங்கள் நாள்தோறும் 5 கிராம் கிரியேட்டினும், மற்றோர் ஆறு வாரங்கள் மருந்துப்போலியும் உட்கொண்டனர். மருந்துப்போலி என்பது தோற்றத்தில் மருந்தை ஒத்திருந்தும் செயல்திறன் அற்ற பொருள். கேட்ட எண்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லும் தேர்விலும், நேரக் கட்டுப்பாட்டுடன் கூடிய பகுத்தறியும் தேர்விலும் கிரியேட்டின் உட்கொண்ட காலத்தில் அவர்கள் சிறப்பாகச் செய்தனர். ஆனால் அவர்கள் முதியோர் அல்லர்.

முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 76. நாள்தோறும் 20 கிராம் வீதம் ஒரே ஒரு வாரம் கிரியேட்டின் உட்கொண்டவர்கள், எண்களை நேர்வரிசையில் சொல்வதிலும், இடங்களை நினைவுகூர்வதிலும், நீண்டகால நினைவிலும் முன்னேற்றம் காட்டினர். எண்களைப் பின்னிருந்து சொல்வதில் முன்னேற்றம் இல்லை. ஊக்கமளிக்கும் முடிவுதான், ஆயினும் ஒரு வாரத்தின் முடிவு அது. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் முதிய பெண்கள் 24 வாரங்கள் கிரியேட்டின் உட்கொண்டனர். முதல் ஐந்து நாள்கள் 20 கிராமும், பின்னர் நாள்தோறும் 5 கிராமும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. அறிவாற்றல் தேர்வுகளில் கிரியேட்டினால் எந்த வேறுபாடும் தென்படவில்லை.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றலாம். அளவு, காலம், தேர்வுகள் ஆகிய மூன்றும் வேறுபடுவதால் அவற்றை நேரடியாக ஒப்பிட இயலாது. இத்துறையின் பெருங்குறை இதுவே: ஆய்வுகள் சிறியவை, ஒன்றைப் போல் மற்றொன்று அமையவில்லை.

2023இல் வெளியான ஆய்வில் 123 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் மரக்கறி உணவினர். நாளுக்கு 5 கிராம் வீதம் ஆறு வாரங்கள் உட்கொண்டபோது, பயன் இருப்பினும் அது மிகச் சிறியதே என்பதும், தற்செயலானது அன்று என்று உறுதியாகக் கூற இயலாது என்பதும் தெரியவந்தன. மரக்கறி உணவினருக்குக் கூடுதல் பயன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் மெய்ப்பிக்கப்படவில்லை. இறைச்சி உண்ணாதவருக்கு இது கட்டாயம் தேவை என்று விளம்பரங்கள் கூறும்போது இம்முடிவை நினைவில் கொள்வது நன்று. 2024இல் இச்சான்றுகளை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கிரியேட்டின் அறிவாற்றலை மேம்படுத்துகிறது என்னும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தது.

கான்சாஸ் ஆய்வை எவ்வாறு படிக்க வேண்டும்?

இன்று பரவும் செய்திகளுக்குப் பெரிதும் காரணமாக அமைந்தது, அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வு. அல்சைமர் நோயுள்ள 20 பேர் எட்டு வாரங்கள் நாள்தோறும் 20 கிராம் கிரியேட்டின் உட்கொண்டனர். காந்த அதிர்வுக் கருவியின் துணையால், அறுவையின்றி, மூளையிலுள்ள கிரியேட்டினின் அளவு தொடக்கத்திலும் முடிவிலும் கணக்கிடப்பட்டது. அது சராசரியாக 11 விழுக்காடு உயர்ந்திருந்தது. அறிவாற்றல் தேர்வுகள் சிலவற்றிலும் மதிப்பெண்கள் கூடின.

இவ்வாய்வு முதன்மையாக எழுப்பிய கேள்வி எது என்பதைக் கவனித்தல் வேண்டும். நினைவாற்றல் மீளுமா என்பது அன்று அக்கேள்வி. அல்சைமர் நோயாளிகளால் இவ்வளவு பொடியை எட்டு வாரங்கள் தவறாமல் உட்கொள்ள முடியுமா, அது மூளையைச் சென்றடையுமா என்பனவே அறிய முற்பட்டவை. 20 பேரில் 19 பேர் குறித்த அளவில் குறைந்தது 80 விழுக்காட்டையேனும் உட்கொண்டனர். ஆகவே அவ்விரு கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தது.

மதிப்பெண் உயர்வை அதே உறுதியுடன் ஏற்க இயலாது. இவ்வாய்வில் மருந்துப்போலி உட்கொண்ட ஒப்பீட்டுக் குழு இல்லை. அனைவருக்கும் கிரியேட்டினே கொடுக்கப்பட்டது. அனைவரும் அதை அறிந்தும் இருந்தனர். ஒரே வகைத் தேர்வை இரண்டாம் முறை எழுதுபவர், பழக்கத்தால் மட்டுமே சற்றுச் சிறப்பாகச் செய்யக்கூடும். புதிய சிகிச்சை பெறுகிறோம் என்ற நம்பிக்கையும், ஆய்வுக் குழுவினரை அடிக்கடி சந்திப்பதால் உண்டாகும் உற்சாகமும் மதிப்பெண்ணைக் கூட்டலாம். ஒப்பீட்டுக் குழு இருந்திருந்தால் இவை இரு தரப்புக்கும் சமமாகிவிடும். எஞ்சும் வேறுபாடே கிரியேட்டினுக்கு உரியது. அக்குழு இல்லாதபோது உயர்வில் எவ்வளவு கிரியேட்டினால் வந்தது என்று பிரித்துக் கூற வழியில்லை. அடுத்த கட்டமாக ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய ஆய்வு தேவை என்பதே இதிலிருந்து பெறப்படும் முறையான முடிவு.

இந்த எச்சரிக்கைக்கு முன்னுதாரணம் உண்டு. மூளை உயிரணுக்களின் ஆற்றல் குறைபாடு என்ற இதே கருத்தின் அடிப்படையில் பார்க்கின்சன் நோய்க்கும் கிரியேட்டின் ஆராயப்பட்டது. சிறிய ஆய்வு ஒன்று மேலும் ஆராயத் தக்கது என்று காட்டியது. அதன்பின் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,741 நோயாளிகள் சேர்க்கப்பட்டு, ஒரு பாதியினர் நாள்தோறும் 10 கிராம் கிரியேட்டினும் மறு பாதியினர் மருந்துப்போலியும் பல ஆண்டுகள் உட்கொண்டனர். இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு காணப்படாததால் 2013இல் அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. பார்க்கின்சன் வேறு, அல்சைமர் வேறு என்பது உண்மையே. ஆயினும், நம்பத்தகுந்த விளக்கமும் சிறிய ஆய்வின் நல்ல முடிவும் சேர்ந்தாலும் பயன் உறுதியாகிவிடாது என்பதை அது காட்டியது.

சிறுநீரகப் பரிசோதனையில் நேரக்கூடிய குழப்பம்

கிரியேட்டின் உட்கொள்ளும் முதியோர் அறிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான நடைமுறைச் செய்தி நினைவாற்றலைப் பற்றியது அன்று. இரத்தப் பரிசோதனையைப் பற்றியது. கிரியேட்டின், கிரியேட்டினின் என்னும் இரு பெயர்களும் ஒலியில் நெருங்கியவை, பொருளிலும் தொடர்புடையவை. உடலிலுள்ள கிரியேட்டின் நாள்தோறும் சிறிதளவு சிதைந்து கிரியேட்டினின் என்னும் கழிவாக மாறுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் கூடினால், சிறுநீரகம் சரிவர வடிகட்டவில்லை என்று பொதுவாகக் கருதப்படும். அந்த அளவுடன் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே பரிசோதனை அறிக்கையில் eGFR என்னும் எண் அச்சிடப்படுகிறது.

கிரியேட்டின் பொடி உட்கொள்பவரின் உடலில் கழிவாக மாறும் பொருளே கூடிவிடுகிறது. சிறுநீரகம் முன்போலவே இயங்கினாலும் இரத்தத்தில் கிரியேட்டினின் சற்று உயரக்கூடும்.

எடுத்துக்காட்டாக, 70 வயதுப் பெண் ஒருவரின் கிரியேட்டினின் அளவு லீட்டருக்கு 80 மைக்ரோமோல் எனக் கொள்வோம். 2021இல் திருத்தப்பட்டுப் பல நாடுகளில் பயன்படும் சூத்திரத்தின்படி அவருடைய eGFR சுமார் 68. அவர் கிரியேட்டின் உட்கொள்ளத் தொடங்கியபின் அளவு 97 ஆக உயர்கிறது என்று கொண்டால், அதே சூத்திரம் சுமார் 54 என்ற எண்ணைத் தரும். 60க்குக் கீழான எண் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோயாகக் கருதப்படும். சிறுநீரகத்தில் மாற்றம் ஏதும் இல்லாமலேயே அவர் நோயாளியாகப் பதிவு பெறலாம். அதன் விளைவுகள் அறிக்கையோடு நின்றுவிடுவதில்லை. நீரிழிவுக்கு வழங்கப்படும் மெட்ஃபோர்மின் போன்ற மருந்துகளின் அளவு இந்த எண்ணைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. தேவையற்ற முறையில் மருந்து குறைக்கப்பட்டால் சர்க்கரை கூடக்கூடும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவரின் சிறுநீரகம் உண்மையிலேயே பழுதடையும்போது, எண் குறைந்ததற்குப் பொடியே காரணம் என்று அதைப் புறக்கணித்துவிடக் கூடாது. எது உண்மை என்பதை மருத்துவர் அறிய வழிகள் உள்ளன. பொடியைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் பரிசோதிக்கலாம். கிரியேட்டினைச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் புரதத்தை இரத்தத்தில் அளந்து பார்க்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால், நோயாளி பொடி உட்கொள்வதைச் சொன்னால் மட்டுமே மருத்துவர் இவ்வழிகளை எண்ணிப் பார்ப்பார். பலர் மருந்துகளின் பட்டியலைக் கேட்கும்போது பொடிகளையும் சத்து மாத்திரைகளையும் குறிப்பிடுவதில்லை.

கடையில் கிடைக்கும் பொடியும் அதற்கான விதியும்

ஆஸ்திரேலியாவில் கிரியேட்டின் பொடி மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இன்றியே கிடைக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான துணையுணவு வகைக்குரிய ஆஸ்திரேலிய நியூசிலாந்து உணவுத் தர விதி, ஒரு நாளைய அளவில் அதிகபட்சம் 3 கிராம் கிரியேட்டினை அனுமதிக்கிறது. இவ்வகை உணவு மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அவ்விதி வேண்டுகிறது. கான்சாஸ் ஆய்வில் கொடுக்கப்பட்ட 20 கிராம் இந்த அளவின் ஆறு மடங்குக்கும் மேற்பட்டது. அவ்வளவும் மருத்துவக் கண்காணிப்பின் கீழ், எட்டு வாரங்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. பொட்டலத்தில் குறித்த அளவை உட்கொண்டுகொண்டு ஆய்வில் கண்ட பயனை எதிர்பார்ப்பதற்கும், ஆய்வின் அளவை வீட்டில் தாமாகவே பின்பற்றுவதற்கும் ஆதாரம் இல்லை.

நலமான சிறுநீரகம் உடையவர்கள் வழக்கமான அளவில் உட்கொள்ளும்போது கடுமையான தீங்கு ஏதும் ஆய்வுகளில் காணப்படவில்லை. தசைகளில் நீர் தங்குவதால் எடை ஓரிரு கிலோ கூடலாம். ஒரே வேளையில் அதிகம் குடித்தால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை உட்கொள்பவர்கள், இதயச் செயலிழப்புக்காக உடல் எடையை நாள்தோறும் கவனிக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. இறுதிப் பிரிவினருக்கு, எடை கூடுவது உடலில் நீர் சேர்வதன் அடையாளமாதலால், பொடியால் வந்த எடை குழப்பத்தை உண்டாக்கும்.

மறதி தோன்றினால் முதலில் செய்ய வேண்டியது

மறதிக்குக் கிரியேட்டின் வாங்குவதில் உள்ள பெரிய இடர், அது மருத்துவரைச் சந்திப்பதைத் தள்ளிப்போடச் செய்வதே. மறதிக்குரிய காரணங்களுள் சில சிகிச்சையால் சீராகக்கூடியவை. பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு அவற்றுள் ஒன்று. மரக்கறி உணவினருக்கும் மெட்ஃபோர்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கும் அது ஏற்படும் வாய்ப்பு அதிகம். இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டறியலாம். தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு, செவிப்புலன் குறைவு, சில தூக்க மாத்திரைகள் ஆகியனவும் மறதியாக வெளிப்படுவதுண்டு. இவற்றுள் எதையும் கிரியேட்டின் சரிசெய்யாது.

குடும்ப மருத்துவரைச் சந்திக்கும்போது மறதி எப்போது தொடங்கியது என்பதையும், எந்த அன்றாட வேலைகளில் தென்படுகிறது என்பதையும் குறித்துச் செல்லவும். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் பொடிகளையும் அவற்றின் பொட்டலங்களுடனேயே எடுத்துச் செல்லவும். கிரியேட்டின் உட்கொள்ள விரும்பினால், தொடங்குவதற்கு முன்பே ஒரு சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்வது நலம். பின்னர் வரும் எண்களை ஒப்பிட அதுவே அடிப்படையாகும்.

ஆங்கிலத்தில் உரையாடுவது கடினமாயின், 131 450 என்ற எண்ணில் இயங்கும் மொழிபெயர்ப்பு மற்றும் மொழிபெயர்த்துரைக்கும் சேவையின் வழியாகத் தமிழ் உரைபெயர்ப்பாளரைப் பெறலாம். மருத்துவரிடம் நேரம் குறிக்கும்போதே உரைபெயர்ப்பாளர் தேவை என்று தெரிவிக்கவும். நினைவாற்றலை மதிப்பிடும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் மொழிபெயர்த்தால், பெற்றோரின் தடுமாற்றத்தை அவர்கள் அறியாமலே சரிசெய்துவிடக்கூடும். தடுமாற்றமும் மருத்துவர் அறிய வேண்டிய செய்தியே. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் குறித்த ஐயங்களுக்கு 1800 100 500 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.